கடலூரிலிருந்து புதுச்சேரி ஏசி சர்வீஸ் நிறுவனத்துக்கு அப்ரண்டிஸ் விண்ணப்பம்: மின்னஞ்சலில் எதை அழுத்திச் சொல்ல வேண்டும்?

முதுநகர் இளைஞன்

அனைவருக்கும் வணக்கம். ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பிரிவு இரண்டாண்டு படித்து முடித்திருக்கிறேன். தேர்வு முடிவு வந்துவிட்டது, சான்றிதழ் இன்னும் வரவில்லை. புதுச்சேரியில் ஒரு ஏசி சர்வீஸ் நிறுவனம் அப்ரண்டிஸ் எடுப்பதாக அறிவித்திருக்கிறது. வீடுகள், துணிக்கடைகள், தங்கும் விடுதிகள் என்று எல்லா இடங்களுக்கும் ஆள் அனுப்பும் நிறுவனம் அது. நேரில் வர வேண்டாம், மின்னஞ்சலில் விண்ணப்பியுங்கள் என்று போட்டிருக்கிறார்கள். என் வரைவு இது:

> பொருள்: வேலை வேண்டி
>
> மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, நான் ஐ.டி.ஐ. முடித்துள்ளேன். நான் கடின உழைப்பாளி. நேர்மையும் பணிவும் உள்ளவன். குழுவாக வேலை செய்வேன். புதியவற்றைக் கற்றுக்கொள்ளும் ஆர்வம் உண்டு. ஏசி தொடர்பான எல்லா வேலைகளும் தெரியும். என் தந்தை மீன்பிடித் துறைமுகத்தில் கூலி வேலை செய்கிறார். குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன். தாங்கள் கருணை கூர்ந்து வாய்ப்பளிக்க வேண்டுகிறேன்.

பயோடேட்டாவும் எல்லாச் சான்றிதழ்களும் இணைக்கப் போகிறேன். இதில் எதை மாற்ற வேண்டும்?

நெய்வேலி வாசகர்

தம்பி, மின்னஞ்சலெல்லாம் எதற்கு? apprenticeshipindia.gov.in தளத்தில் பதிவு செய்து விண்ணப்பியுங்கள். ஐ.டி.ஐ. மதிப்பெண்ணை வைத்துத்தான் பட்டியல் போடுவார்கள். என் மகனுக்கு அப்படித்தான் கிடைத்தது. மதிப்பெண் நன்றாக இருந்தால் கடிதத்தில் என்ன எழுதினாலும் கவலை இல்லை. உங்கள் மதிப்பெண் எவ்வளவு?

முதுநகர் இளைஞன்

74 விழுக்காடு ஐயா. தளத்தில் பதிவு செய்திருக்கிறேன், பதிவு எண்ணும் இருக்கிறது. ஆனால் இது தனியார் நிறுவனம். மின்னஞ்சலில்தான் கேட்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர்

வரைவில் பணிவு இருக்கிறது, அது நல்லது. சில திருத்தங்கள் சொல்கிறேன். "அனுப்புநர், பெறுநர்" முறைப்படி எழுதுங்கள். தேதி, இடம் போடுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஐ.டி.ஐ. மதிப்பெண் தாள், ஆதார், புகைப்படம் அனைத்தையும் இணையுங்கள். எதையும் அவர்கள் திரும்பக் கேட்கும்படி விடக்கூடாது. பிழையில்லாமல் எழுதுங்கள். பெயர் மூன்று இடங்களில் மூன்று விதமாக இருந்தால் அது பின்னால் தொல்லை. ஆதாரில் இருப்பது போலவே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

கூடவே ஒரு செய்தி. அப்ரண்டிஸ் உதவித்தொகையில் பாதியை அரசே கொடுக்கிறது. நிறுவனத்துக்குச் செலவு குறைவு என்பதால் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

வில்லியனூர் மேற்பார்வையாளர்

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏசி சர்வீஸில் ஆட்களைப் பிரித்து அனுப்புவதுதான் என் வேலை. அப்ரண்டிஸ் விண்ணப்பங்களை முதலில் படிப்பதும் நான்தான். நிர்வாகப் பிரிவுக்கு அது அப்புறம்தான் போகும்.

நெய்வேலி ஐயா சொல்வது பெரிய பொதுத்துறை நிறுவனங்களுக்குப் பொருந்தும். ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும் இடத்தில் மதிப்பெண்ணை வைத்து வரிசைப்படுத்துவதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை. சர்வீஸ் நிறுவனத்தில் கேள்வியே வேறு. நாளைக் காலை இந்தப் பையனை என் மெக்கானிக்கோடு ஒரு வீட்டுக்குள் அனுப்பலாமா? அனுப்பினால் எந்த வேலையை இவன் கையில் கொடுக்கலாம்? உங்கள் மின்னஞ்சலில் நான் தேடுவது இந்த இரண்டுக்கும் விடை. 74 விழுக்காடு அதைச் சொல்லாது.

இப்போது உங்கள் வரைவுக்கு வருகிறேன். கடின உழைப்பாளி, நேர்மை, பணிவு, ஆர்வம் என்று எழுதாத விண்ணப்பத்தை நான் பார்த்ததே இல்லை. உங்களிடம் அவை இருக்கலாம், ஆனால் எழுத்தில் அதைச் சோதிக்க எனக்கு வழியில்லை. அதனால் கண் அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறது. "குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்" என்பதும் அப்படியே. உங்களை எங்கே வைப்பது என்று அது எனக்குச் சொல்லவில்லை.

என்னைப் பயமுறுத்தும் வரி "ஏசி தொடர்பான எல்லா வேலைகளும் தெரியும்" என்பதுதான். எங்களிடம் பத்தாண்டு வேலை செய்யும் மெக்கானிக்கூட அப்படிச் சொல்ல மாட்டார். அதை நம்பி ஒருவனைத் தனியே விட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். கேஸ் குறைவு என்று தானே முடிவு செய்து அளவில்லாமல் ஏற்றிவிடுவான். அல்லது ஃபிளேர் நட்டை ஒற்றை ஸ்பேனரால் முறுக்கிக் காப்பர் குழாயைத் திருகிவிடுவான். அன்றைக்குக் கசிவு தெரியாது. இருபது நாள் கழித்துக் குளிர்ச்சி இல்லை என்று வாடிக்கையாளர் கூப்பிடுவார். அந்த இரண்டாவது பயணமும் கேஸும் எங்கள் செலவு.

ஆகவே அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: உங்கள் கை எதுவரை போயிருக்கிறது, எங்கே நின்றிருக்கிறது. நீங்களே தனியாகச் செய்தது என்ன, ஒருவர் பக்கத்தில் நிற்கச் செய்தது என்ன, பார்க்க மட்டும் செய்தது என்ன என்று மூன்றாகப் பிரித்து இங்கே எழுதுங்கள். மின்னஞ்சலைப் பிறகு பார்ப்போம்.

முதுநகர் இளைஞன்

நன்றி அண்ணா. எழுதிப் பார்த்தேன்.

ஐ.டி.ஐ. பட்டறையில் காப்பர் குழாய் வெட்டுவது, வளைப்பது, ஃபிளேர் செய்வது எல்லாம் செய்திருக்கிறேன். பிரேசிங்கும் செய்திருக்கிறேன், ஆனால் பயிற்சித் துண்டுகளில்தான், ஓடுகிற யூனிட்டில் இல்லை.

கோடை விடுமுறையில் எங்கள் தெருவில் இருக்கும் ஏசி மெக்கானிக்கோடு ஹெல்பராகப் போனேன். அது முறையான வேலை இல்லை, சான்றும் இல்லை, அதனால் வரைவில் எழுதவில்லை. அங்கே ஸ்பிளிட் ஏசி கழுவுவதை நானே செய்தேன். பழைய அவுட்டோர் யூனிட்டைக் கழற்றி இறக்கும்போது கூட இருந்தேன். வாக்யூம் எடுக்கும்போது பம்பை இணைத்தேன், மீட்டரை அவர் பார்த்தார். கேஸ் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன், தொட்டதில்லை.

ஒரே ஒரு பழுதை நானாகக் கண்டுபிடித்தேன். சில்வர் பீச் பக்கத்தில் ஒரு வீடு. அவுட்டோர் மின்விசிறி சுற்றியது, கம்ப்ரசர் மட்டும் உறுமிவிட்டு நின்றுவிட்டது. கெப்பாசிட்டரைக் கழற்றி அளந்தேன். மேலே 35 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது, மீட்டர் 22 காட்டியது. மாற்றியதும் ஓடியது. இதை எழுதலாமா? மிகச் சின்ன விஷயமாகத் தெரிகிறது.

வில்லியனூர் மேற்பார்வையாளர்

சின்ன விஷயம் இல்லை தம்பி. உங்கள் மொத்த விண்ணப்பத்திலும் இதற்கு ஈடாக எதுவும் இல்லை. இரண்டு கேள்வி. அது இன்வெர்ட்டர் ஏசியா? கெப்பாசிட்டரைத் தொடுவதற்கு முன் என்ன செய்தீர்கள்?

முதுநகர் இளைஞன்

இன்வெர்ட்டர் இல்லை அண்ணா, பழைய ஒன்றரை டன் ஏசி. முதலில் எம்.சி.பி.யை அணைத்தேன். காப்பிட்ட கைப்பிடி உள்ள கருவியில் மின்தடையம் கட்டி இரு முனைகளையும் தொட்டு மின்னேற்றத்தை இறக்கிவிட்டுத்தான் வயரைக் கழற்றினேன். பட்டறையில் ஆசிரியர் அப்படித்தான் செய்யச் சொல்வார்.

வில்லியனூர் மேற்பார்வையாளர்

இதைத்தான் எழுத வேண்டும். ஏன் என்று கொஞ்சம் விளக்குகிறேன், மற்ற தம்பி தங்கைகளுக்கும் பயன்படும்.

கோடையில் வரும் "குளிர்ச்சி இல்லை" புகார்களில் பழைய வகை ஏசியாக இருந்தால் கெப்பாசிட்டர் பலவீனமாகி இருப்பது மிகச் சாதாரணம். அனுபவமில்லாதவன் கம்ப்ரசர் போய்விட்டது என்பான், அல்லது கேஸ் இல்லை என்பான். இரண்டும் வாடிக்கையாளருக்குப் பெரிய செலவு. மின்விசிறி ஓடுகிறது, கம்ப்ரசர் உறுமி நிற்கிறது என்ற அறிகுறியைப் பார்த்து, அளந்து, எண்ணை ஒப்பிட்டு முடிவுக்கு வந்தவன் ஊகத்தில் வேலை செய்கிறவன் இல்லை என்று நான்கு வரியில் எனக்குத் தெரிந்துவிடுகிறது. "இன்வெர்ட்டர் இல்லாத ஏசி" என்று ஒரு சொல் சேர்த்தால் இன்னும் நல்லது. இன்வெர்ட்டர் வகையில் கம்ப்ரசரை மின்னணுப் பலகை இயக்குகிறது, இந்த மாதிரி கெப்பாசிட்டர் அதில் இருக்காது. வித்தியாசம் தெரிந்து எழுதுகிறான் என்று படிக்கிறவருக்குப் புரியும். மின்சாரத்தை அணைத்து மின்னேற்றத்தை இறக்கிய வரியை விட்டுவிடாதீர்கள். பாதுகாப்பு பற்றி "நான் கவனமானவன்" என்று எழுதுவதைவிட அந்த ஒரு வரி அதிகம் சொல்கிறது.

ஹெல்பராகப் போனதைத் தாராளமாக எழுதுங்கள். சான்று இல்லாவிட்டால் பரவாயில்லை. "உள்ளூர் மெக்கானிக்குடன் கோடை விடுமுறையில் ஹெல்பராக" என்று உள்ளபடி எழுதினால் போதும். அவரிடம் கேட்டுவிட்டு, அவர் சம்மதித்தால் "தேவைப்பட்டால் அவருடைய எண்ணைத் தருகிறேன்" என்று சேர்க்கலாம்.

சில்வர் பீச் என்பதும் வீண் விவரம் இல்லை. கடலோரத்து அவுட்டோர் யூனிட் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். உப்புக் காற்றில் காயில் தகடுகள் தொட்டாலே உதிரும், அடித்தட்டுத் திருகுகள் துருவேறிச் சுழலாது, அவசரப்பட்டு முறுக்கினால் தலை கழன்றுவரும். இங்கே கடற்கரைச் சாலை விடுதிகளில் எங்களுக்குத் தினமும் அதே கதைதான். அதில் கை வைத்த பையன் என்றால் எனக்கு அது கூடுதல் தகுதி.

அரியாங்குப்பம் கடை உரிமையாளர்

நானும் சின்ன அளவில் ஏசி, ஃபிரிட்ஜ் சர்வீஸ் நடத்துகிறேன், மொத்தம் ஆறு பேர். மேற்பார்வையாளர் சொல்வதில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். ஒன்றில் மாறுபடுகிறேன். குடும்பச் சூழ்நிலையை எழுதக்கூடாது என்பது போலப் பேசுகிறீர்கள். எனக்கு அது முக்கியம். வீட்டுப் பொறுப்பு உள்ள பையன் பாதியில் விட்டுவிட்டுப் போக மாட்டான். மார்ச்சில் சேர்ந்து மே மாதம் சொல்லாமல் நின்றுவிடுகிறவர்களால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

வில்லியனூர் மேற்பார்வையாளர்

அண்ணே, உங்களுக்கு வேண்டியது அவன் தங்குவானா என்பது. அதை நேராகச் சொல்லலாமே. "பயிற்சிக் காலம் முழுவதும் இருப்பேன், கோடையில் ஞாயிறும் வர முடியும்" என்று எழுதினால் உங்கள் கேள்விக்கும் விடை, என் கேள்விக்கும் விடை. அப்பாவின் கூலியைச் சொல்லிக் கருணை கேட்க வேண்டிய அவசியம் அந்தப் பையனுக்கு இல்லை என்று நினைக்கிறேன். அவன் கையில் தொழில் இருக்கிறது.

அரியாங்குப்பம் கடை உரிமையாளர்

நீங்கள் நிறுவனத்தில் இருந்து பேசுகிறீர்கள். நான் வீட்டைத் தெரிந்துகொண்டுதான் ஆள் சேர்ப்பேன், இனியும் அப்படித்தான். ஆனால் கருணை என்ற சொல்லை எடுத்துவிடலாம் என்பதை ஏற்கிறேன்.

தம்பிக்கு ஒரு கேள்வி: காலை எத்தனை மணிக்குப் புதுச்சேரியில் இருப்பீர்கள்? முதுநகரிலிருந்து பஸ்ஸா, வண்டியா? ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா? இதை எழுதாதவனை நான் கூப்பிடவே மாட்டேன். மெக்கானிக் ஒரு வண்டியில், ஏணியும் பம்பும் இன்னொரு வண்டியில் என்றுதான் எங்கள் வேலை ஓடுகிறது.

முதுநகர் இளைஞன்

இருசக்கர வாகன உரிமம் இருக்கிறது ஐயா. அண்ணனின் வண்டி வாரத்தில் சில நாள்தான் கிடைக்கும். மற்ற நாள் பஸ். புதுச்சேரியில் சித்தி வீடு இருக்கிறது, தேவைப்பட்டால் அங்கே தங்கலாம். தமிழ்நாட்டு உரிமம் புதுச்சேரியில் செல்லுமா? நான் புதுச்சேரிக்காரன் இல்லை என்பது தடையாகுமா?

வில்லியனூர் மேற்பார்வையாளர்

உரிமம் நாடு முழுவதும் செல்லும். அப்ரண்டிஸ் ஒப்பந்தமும் மத்தியச் சட்டப்படி, தேசியத் தளத்தில் பதிவாவதுதான். புதுச்சேரி அரசு வேலைக்குக் கேட்கும் குடியிருப்புச் சான்றைத் தனியார் நிறுவனத்தின் அப்ரண்டிஸ் இடத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

"உரிமம் உண்டு, சொந்த வண்டி இல்லை, காலை 8.30 மணிக்கு வர முடியும், தேவையானால் புதுச்சேரியில் தங்க இடம் உண்டு" என்று உள்ளபடி எழுதுங்கள். வண்டி இல்லை என்பதை மறைத்து, முதல் நாள் காலையில் நான் தெரிந்துகொள்வது இருவருக்கும் நல்லதில்லை.

பாகூர் மின்பணியாளர்

நான் எலக்ட்ரீஷியன் பிரிவு படித்தவள். இங்கே யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். என் முதல் "அப்ரண்டிஸ்" இடத்தில் ஓராண்டுக்கு மேல் வேலை செய்தேன். ஒப்பந்தம் எதையும் தளத்தில் பதிவு செய்யவில்லை என்பது கடைசியில்தான் தெரிந்தது. அதனால் அந்த ஓராண்டுக்குத் தேர்வும் இல்லை, தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழும் இல்லை. ஹெல்பர் வேலையை அப்ரண்டிஸ் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சான்றிதழ் இருந்தால் பின்னால் அரசு, பொதுத்துறை வேலைகளுக்குக் கேட்கும் இடங்களில் உதவும். ஆகவே தம்பி, தளப் பதிவு எண்ணை முதல் மின்னஞ்சலிலேயே குறிப்பிடுங்கள். முறையான பயிற்சியைத்தான் நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள் என்று அவர்களுக்குப் புரியும்.

இப்போது நான் இருக்கும் நிறுவனத்துக்கு எழுதியபோது இன்னொன்றையும் சேர்த்தேன். வீடுகளுக்குள் போய் வேலை செய்வதில் எனக்குத் தயக்கம் இல்லை, பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் என்னை அனுப்பலாம் என்று எழுதினேன். நேர்காணலில் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். இந்தத் தொழில்களில் பெண்கள் விண்ணப்பிப்பது குறைவு. விண்ணப்பிக்கிற தங்கைகள் அதைக் குறையாக நினைத்து ஒதுங்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர்

பதிவு எண்ணைக் குறிப்பிடுவது சரி. அரசுப் பங்கைப் பற்றியும் எழுதலாமே? "தங்களுக்கு உதவித்தொகையில் பாதி திரும்பக் கிடைக்கும்" என்று சொன்னால் அவர்களுக்கும் ஆர்வம் வரும் அல்லவா?

பாகூர் மின்பணியாளர்

பாதி இல்லை ஐயா. தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் அரசின் பங்கு உதவித்தொகையில் 25 விழுக்காடு, அதுவும் மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல். 2019ஆம் ஆண்டு விதித் திருத்தம் ஐ.டி.ஐ. சான்றிதழ் உள்ளவர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக 7,000 ரூபாயை வைத்தது. அதில் கால் பங்கு 1,750 ஆகிறது, ஆனால் உச்சவரம்பினால் 1,500தான் கிடைக்கும். இந்தத் தொகைகளைத் திருத்துவார்கள், சேரும் நாளில் தளத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அரசுப் பங்கு நேராகப் பயிற்சியாளரின் வங்கிக் கணக்குக்கு வருவதால் ஆதார் இணைத்த கணக்கு இருக்க வேண்டும்.

வில்லியனூர் மேற்பார்வையாளர்

தங்கை சொல்வது சரி. ஆனால் பணக் கணக்கை விண்ணப்பத்தில் எழுத வேண்டாம். அது எங்கள் நிர்வாகப் பிரிவுக்குத் தெரியும். பதிவு எண்ணை மட்டும் கொடுங்கள். ஒப்பந்தம் தளத்தில் பதிவாகுமா, எத்தனை மாதம், எந்தப் பிரிவில் என்பதை நேர்காணலில் வாயால் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லாத இடத்தில் யோசித்துச் சேருங்கள்.

எழுத்தர் ஐயா பெயரைப் பற்றிச் சொன்னது மிகச் சரி. எழுத்து மாறினால் ஒப்பந்தப் பதிவே நின்றுவிடும். இணைப்புகளில்தான் நான் மாறுபடுகிறேன். முதல் மின்னஞ்சலில் ஆதாரும் சாதிச் சான்றிதழும் அனுப்ப வேண்டாம். அறிமுகமில்லாத முகவரிக்கு ஆதார் நகலை அனுப்புவது உங்களுக்கே நல்லதில்லை. அந்த இரண்டையும் சேரும்போது தரலாம். பயோடேட்டா ஒரு பக்கம், ஐ.டி.ஐ. மதிப்பெண் தாள் ஒன்று, இரண்டும் பி.டி.எஃப். ஆக. கைப்பேசியில் சாய்வாக எடுத்த பதினான்கு படங்கள் வந்தால் நான் எதையும் திறப்பதில்லை. பெரும்பாலும் வேலைத்தளத்தில் நின்றுகொண்டு கைப்பேசியில்தான் படிக்கிறேன். கோப்புக்கு உங்கள் பெயரையும் பிரிவையும் வையுங்கள்.

முதுநகர் இளைஞன்

எல்லோரும் சொன்னதை வைத்து மறுபடி எழுதியிருக்கிறேன்.

> பொருள்: ஏசி சர்வீஸ் அப்ரண்டிஸ் விண்ணப்பம், ஐ.டி.ஐ. குளிர்சாதனப் பிரிவு, கடலூர் முதுநகர்
>
> ஐயா, வணக்கம்.
>
> தாங்கள் அறிவித்துள்ள ஏசி சர்வீஸ் அப்ரண்டிஸ் இடத்துக்கு விண்ணப்பிக்கிறேன். ஐ.டி.ஐ. குளிர்சாதனப் பிரிவில் இரண்டாண்டுப் படிப்பை முடித்து 74 விழுக்காடு பெற்றிருக்கிறேன். சான்றிதழ் வர வேண்டியுள்ளது, மதிப்பெண் தாளை இணைத்திருக்கிறேன். அப்ரண்டிஸ் தளத்தில் பதிவு செய்துவிட்டேன், பதிவு எண் கீழே உள்ளது.
>
> கோடை விடுமுறையில் உள்ளூர் மெக்கானிக்குடன் ஹெல்பராக வேலை செய்தேன். ஸ்பிளிட் ஏசியின் ஃபில்டர், காயில், டிரெயின் தட்டு, டிரெயின் குழாய் ஆகியவற்றைத் தனியாகக் கழுவிச் சுத்தம் செய்வேன். காப்பர் குழாயை வெட்டி ஃபிளேர் செய்வேன். மெக்கானிக் உடனிருக்க அவுட்டோர் யூனிட்டை இறக்கியிருக்கிறேன், வாக்யூம் பம்பை இணைத்திருக்கிறேன். பிரேசிங் பட்டறையில் மட்டும் செய்திருக்கிறேன். கேஸ் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன், செய்ததில்லை.
>
> கடற்கரை அருகே ஒரு வீட்டில் இன்வெர்ட்டர் இல்லாத ஒன்றரை டன் ஏசி குளிரவில்லை. மின்விசிறி ஓடியது, கம்ப்ரசர் உறுமி நின்றது. மின்சாரத்தை அணைத்து, கெப்பாசிட்டரின் மின்னேற்றத்தை இறக்கி அளந்தேன். 35 இருக்க வேண்டிய இடத்தில் 22 மைக்ரோஃபாரட் இருந்தது. மாற்றியதும் கம்ப்ரசர் ஓடியது.
>
> இருசக்கர வாகன உரிமம் உண்டு, சொந்த வண்டி இல்லை. காலை 8.30 மணிக்குப் புதுச்சேரி வர முடியும், தேவையானால் அங்கேயே தங்க இடம் உண்டு. கோடையில் ஞாயிற்றுக்கிழமையும் வருவேன். உடனே சேர முடியும்.
>
> இப்படிக்கு,
> பெயர், கைப்பேசி எண், பதிவு எண்

இது போதுமா? நீளமாகிவிட்டதோ என்று தோன்றுகிறது.

வில்லியனூர் மேற்பார்வையாளர்

நீளம் சரி, கைப்பேசியில் இரண்டு முறை தள்ளினால் முடிகிறது. இதைப் படித்ததும் எனக்கு ஒரு முடிவு எடுக்க முடிகிறது: முதல் வாரம் இவனைச் சுத்தம் செய்யும் குழுவில் போடலாம், கேஸ் வேலைக்குப் பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

"கழுவி" என்ற இடத்தில் ஒன்று சேருங்கள். இன்டோர் யூனிட்டில் தண்ணீர் அடிக்கும்முன் மின்னணுப் பலகையை மூடினீர்களா, கீழே பை கட்டினீர்களா?

முதுநகர் இளைஞன்

இரண்டும் செய்வோம் அண்ணா. பலகையைப் பிளாஸ்டிக் உறையால் மூடுவோம். கீழே பை கட்டி அதன் குழாயை வாளியில் விடுவோம். கட்டிலையும் அலமாரியையும் துணியால் மூடிவிட்டுத்தான் மெக்கானிக் ஆரம்பிப்பார்.

வில்லியனூர் மேற்பார்வையாளர்

அதை ஒரு வரியாகச் சேருங்கள். சர்வீஸில் வாடிக்கையாளர் பார்ப்பது அதைத்தான். கெப்பாசிட்டர் அளவு அவருக்குத் தெரியாது, சுவரில் வழிந்த அழுக்குத் தண்ணீர் தெரியும்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டால் மின்னஞ்சலில் எழுதிய ஒவ்வொன்றையும் நோண்டுவார்கள். ஃபிளேர் நட்டை இறுக்க எத்தனை ஸ்பேனர் என்று நான் கேட்பேன். வால்வை ஒன்றால் பிடித்துக்கொண்டு நட்டை மற்றொன்றால் திருப்ப வேண்டும். செய்தவன் கை தானாக அசையும்.

நெய்வேலி வாசகர்

அப்படியானால் மதிப்பெண்ணை எழுதவே வேண்டாமா? என் மகன் இரண்டாம் முறை தனியார் இடத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறான், 88 விழுக்காடு வைத்திருக்கிறான்.

வில்லியனூர் மேற்பார்வையாளர்

எழுதலாம் ஐயா, ஒரு முறை, ஒரு வரியில். குறைவாக இருந்தாலும் மறைக்க வேண்டாம், மதிப்பெண் தாளில் எப்படியும் தெரியும். உங்கள் மகன் என்ன பழுது பார்த்தார் என்பதை 88க்குக் கீழே எழுதச் சொல்லுங்கள்.

அரியாங்குப்பம் கடை உரிமையாளர்

இன்னொன்று பேசவில்லை. இதைத் தமிழில் அனுப்புவதா, ஆங்கிலத்திலா? என்னிடம் வந்தால் தமிழே போதும். தப்பும் தவறுமான ஆங்கிலத்தைவிடத் தெளிவான தமிழ் எனக்கு உடனே புரியும்.

வில்லியனூர் மேற்பார்வையாளர்

எங்கள் தலைமையகம் சென்னையில். நான் தேர்ந்தெடுத்ததை அங்கே அனுப்ப வேண்டும். அவர்கள் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். விளம்பரம் எந்த மொழியில் இருந்ததோ அதில் எழுதுங்கள் என்பது என் எண்ணம். ஆங்கிலம் என்றால் சின்னச் சின்ன வாக்கியமாக நீங்களே எழுதி, ஐ.டி.ஐ. ஆசிரியரிடம் காட்டித் திருத்துங்கள்.

ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர்

என்னைக் கேட்டால் எப்போதும் ஆங்கிலம்தான். விளம்பரம் தமிழில் இருந்தாலும் பதிவேடு ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆங்கில வரைவை இங்கே போடுங்கள் தம்பி, திருத்தித் தருகிறேன்.

பாகூர் மின்பணியாளர்

நான் தமிழில் எழுதித்தான் சேர்ந்தேன். அந்த நிறுவனத்துக்கும் தலைமையகம் வெளியூரில்தான்.

முதுநகர் இளைஞன்

விளம்பரம் ஆங்கிலத்தில் இருந்தது. அதனால் ஆங்கிலத்தில் எழுதி இன்று மாலை இங்கே போடுகிறேன், எழுத்தர் ஐயா பார்த்துத் தர வேண்டும். கடைசியாக ஒன்று: அனுப்பிவிட்டு எத்தனை நாள் காத்திருப்பது? நேரில் போய்க் கேட்கலாமா?

வில்லியனூர் மேற்பார்வையாளர்

நேரில் வர வேண்டாம் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள், போகாதீர்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே இரண்டு வரியில் கேளுங்கள். புதிதாக ஒன்று அனுப்பினால் பழையது தேடக் கிடைக்காது. தொலைபேசி எண் இருந்தால் காலையில் கூப்பிட வேண்டாம். பத்து மணிவரை புகார்களைப் பிரித்து ஆள் அனுப்பிக்கொண்டிருப்போம். நான்கு மணிக்கு மேல் என்றால் உட்கார்ந்து பேசுவார்கள்.